கப்பல் சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது? பேசிக், சீ அலவன்ஸ், லீவ் பே, காண்ட்ராக்ட் மாதங்கள்

கப்பலுக்குப் போகிறவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" என்பதைத்தான். அவரும் "1,664 டாலர்" என்று ஒரு எண்ணைச் சொல்வார். கேட்டவர் அதை மனதுக்குள் 12-ஆல் பெருக்கிக்கொள்வார். வீட்டில் இருப்பவர்கள் மாதாமாதம் அவ்வளவும் வங்கிக்கு வரும் என்று எதிர்பார்ப்பார்கள். முதல் மாதம் 600 வந்ததும் "கம்பெனி ஏமாற்றுகிறதா?" என்று பேச்சு கிளம்பும்.

பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அந்த எண் நாலைந்து துண்டுகளின் கூட்டல். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விதி உண்டு. சில துண்டுகள் உடனே கைக்கு வரும், சில கம்பெனியிடம் தேங்கி நிற்கும், சில கப்பலை விட்டு இறங்கியதும் நின்றுவிடும். ஆனால் நிஜமாகவே பணம் குறையும்போதும் அது இந்தத் துண்டுகளுக்குள்தான் ஒளிந்துகொண்டு குறையும். அதனால் துண்டுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஏ.பி. எனப்படும் அனுபவமுள்ள டெக் மாலுமி ஒருவரின் கணக்கைக் கடைசி வரை பிரித்துப் பார்ப்போம். தொகைகள் நான் எடுத்துக்கொண்டவை, கணக்குப் போடும் முறை கப்பல்களில் நடப்பது.

## லாரி டிரைவரின் பேட்டாவிலிருந்து தொடங்கலாம்

லாரி டிரைவருக்குச் சம்பளம் தனி, பேட்டா தனி. வண்டி ஓடினால்தான் பேட்டா. வண்டி ஷெட்டில் நின்றால் சம்பளம் மட்டும். டிரைவர் அவசரத்துக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மாதக் கடைசியில் அது கழிந்துவிடும். ஒரு நோட்டில் இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று, அடியில் மீதி.

கப்பல் சம்பளத்தின் எலும்புக்கூடும் இதுதான். நம் ஏ.பி.யின் காண்ட்ராக்டில் இருப்பது இது:

- பேசிக்: 720 டாலர்
- ஃபிக்ஸட் ஓவர்டைம், 103 மணி நேரத்துக்கு: 536 டாலர்
- லீவ் பே, மாதம் 7 நாள்: 168 டாலர்
- சீ அலவன்ஸ், நாளுக்கு 8 டாலர்: மாதம் 240 டாலர்
- மொத்தம்: 1,664 டாலர்

இப்படி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் மொத்தத் தொகைக்குக் கன்சாலிடேட்டட் வேஜ் என்று பெயர். ஏஜென்ட் போனில் சொல்வதும் நாம் ஊரில் சொல்லிக்கொள்வதும் இதைத்தான்.

## பேசிக்: மற்ற எண்கள் பிறக்கும் இடம்

பேசிக் என்பது வழக்கமான வேலை நேரத்துக்கு மட்டுமான கூலி. எம்.எல்.சி. என்று கப்பலில் எல்லாரும் சொல்லும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வழக்கமான வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி என்று வைக்கிறது. இந்த உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓவர்டைம் கூலி பேசிக்கின் மணிக்கூலியைப் போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு இருக்க வேண்டும் என்பது அதன் வழிகாட்டல்.

மணிக்கூலியை எப்படிக் கண்டுபிடிப்பது? வாரம் 40 மணி நேரம் என்று வைத்த ஒப்பந்தங்களில் மாதத்துக்கு 173 மணி வரும். 720-ஐ 173-ஆல் வகுத்தால் 4.16. அதை ஒன்றேகால் மடங்காக்கினால் 5.20. இதுதான் ஒரு மணி நேர ஓ.டி. ரேட். 103 மணிக்கு 536 டாலர் ஆகிறது. சில ஒப்பந்தங்கள் வாரம் 48 மணி என்று வைத்து 208-ஆல் வகுக்கும். அப்போது மணிக்கூலி குறையும். வகுக்கும் எண் எது என்று காண்ட்ராக்டில் தேடிப் பாருங்கள்.

ஃபிக்ஸட் ஓவர்டைம் என்றால், அந்த 103 மணி நேரம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதம் முழுக்கக் கிடைக்கும் தொகை. கேட்கச் சும்மா வருகிற காசு போல இருக்கும். ஆனால் நாலு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் ஓய்வு என்று நிற்பவர் நாளுக்கு 8 மணி வேலை செய்கிறார். சனி, ஞாயிறும் அவருக்கு உண்டு. 30 நாளுக்கு 240 மணி. அதில் 173 போனால் மீதி 67 மணி ஓவர்டைம் கணக்கில்தான் ஏறும். வாட்சைத் தாண்டி ஒரு பெயின்ட் பிரஷ்ஷைக்கூடத் தொடாமலேயே 103-இல் 67 தீர்ந்துவிட்டது. துறைமுகத்தில் கயிறு கட்டுவதும், ஹோல்டு கழுவுவதும் மிச்சத்தைச் சாப்பிட்டுவிடும். 104-ஆவது மணியிலிருந்துதான் கூடுதல் ஓ.டி. வரும், அதுவும் அப்படித் தருவதாகக் காண்ட்ராக்டில் இருந்தால்.

ஏ.பி.க்கான உலகக் குறைந்தபட்ச ஊதியம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் எண் ஒன்று உண்டு. 2025-இல் அது 673 டாலராக இருந்தது. அந்த எண் பேசிக்குக்கு மட்டும். "எனக்கு 1,664 தருகிறார்கள், குறைந்தபட்சத்தைப் போல் இரண்டரை மடங்கு" என்று சொன்னால் கணக்கு தப்பு. ஒப்பிட வேண்டியது 720-ஐ அந்த எண்ணுடன்.

இதுவரை: பேசிக்கிலிருந்து மணிக்கூலி, மணிக்கூலியிலிருந்து ஓ.டி. ரேட். பேசிக் ஏறினால் ஓ.டி. ரேட்டும் ஏறும்.

## சீ அலவன்ஸ்: கப்பலில் இருக்கும்வரை

சீ அலவன்ஸ் என்பது நம் பேட்டா. கடலில் இருப்பதற்காக, நாள் கணக்கில், பேசிக்குக்கு வெளியே தருவது. பேசிக்குக்கு வெளியே என்பதால் வழக்கமாக ஓ.டி. ரேட்டிலும் லீவ் பேயிலும் இது சேராது. கப்பலை விட்டு இறங்கிய நாளோடு நின்றுவிடும்.

சில காண்ட்ராக்டுகளில் "கப்பலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும்" என்று இருக்கும். சிலவற்றில் "கப்பல் பயணத்தில் இருக்கும் நாள்களுக்கு" என்று இருக்கும். இரண்டாவது வகையில் துறைமுகத்தில் நிற்கும் நாளும் பழுதுபார்க்க டிரை டாக்கில் கிடக்கும் நாளும் கழியலாம். 20 நாள் டிரை டாக் என்றால் நம் ஏ.பி.க்கு 160 டாலர் போய்விடும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

சரி, மொத்தம் ஒன்றாக இருந்தால் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் எதற்கு? இன்னொரு கம்பெனியின் காண்ட்ராக்டைப் பக்கத்தில் வைப்போம். பேசிக் 810, ஃபிக்ஸட் ஓ.டி. 603, லீவ் பே 189, சீ அலவன்ஸ் 62. கூட்டினால் அதுவும் 1,664.

எல்லாம் ஒழுங்காகப் போனால் இரண்டும் ஒரே காசுதான். ஒழுங்கு கலையும்போது வித்தியாசம் தெரியும். கூடுதலாக ஒரு மணி ஓ.டி. செய்தால் முதல் காண்ட்ராக்டில் 5.20, இரண்டாவதில் 5.85. கை முறிந்து நடுவில் வீட்டுக்கு அனுப்பினால், பல ஒப்பந்தங்களில் சிகிச்சைக் காலத்துக்குத் தருவது பேசிக் மட்டும். முதல் காண்ட்ராக்ட் என்றால் மாதம் 720, இரண்டாவது என்றால் 810. காண்ட்ராக்டைப் பாதியில் கம்பெனி முடித்து ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் தந்தாலும் அது பேசிக்கை வைத்தே கணக்கிடப்படுவது சகஜம். அலவன்ஸை ஊதிப் பெருக்கி பேசிக்கைக் குறைத்து வைப்பது கம்பெனிக்கு ஏன் வசதி என்று இப்போது தெரிந்திருக்கும். நானாக இருந்தால் இரண்டாவது காண்ட்ராக்டைத்தான் எடுப்பேன்.

## லீவ் பே: உண்டியல்

எல்லாவற்றிலும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். லீவ் பே என்றதும், வீட்டில் இருக்கும்போதும் மாதம் 1,664 வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. காண்ட்ராக்ட் முறையில் போகிறவருக்குக் கப்பலை விட்டு இறங்கி, கணக்கு முடிந்ததும் சம்பளமும் முடிந்துவிடும். லீவ் பே என்பது கப்பலில் இருக்கும்போதே சம்பாதிக்கிற, லீவு நாள்களுக்கான காசு.

கணக்கு சின்னது. பேசிக் 720-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 24 டாலர். நம் ஏ.பி.க்கு மாதம் 7 நாள் லீவு என்பதால் ஏழு இருபத்துநாலு 168. ஒவ்வொரு மாதமும் உண்டியலில் 7 நாள் விழுகிறது. எம்.எல்.சி. சொல்லும் குறைந்தபட்சம் மாதத்துக்கு 2.5 நாள். அதற்குக் கீழே எந்தக் காண்ட்ராக்டும் போகக் கூடாது.

உண்டியலை எப்போது உடைப்பது என்பதில்தான் கம்பெனிகள் பிரிகின்றன. சில கம்பெனிகள் மாதாமாதம் சம்பளத்தோடு கொடுத்துவிடும். அப்போது இறங்கும்போது லீவ் பே என்று தனியாக ஒன்றும் இருக்காது. சில கம்பெனிகள் சேர்த்து வைத்து, இறங்கும்போது மொத்தமாகத் தரும். என் முதல் காண்ட்ராக்ட் முதல் வகை. எனக்கு அது தெரியாது. இறங்கும்போது ஒரு பெரிய தொகை வரப்போகிறது என்று வீட்டில் ஒரு கடனுக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். கடைசிக் கணக்கில் அந்த வரியே இல்லை. செகண்ட் ஆபீசர் என் பழைய சீட்டுகளை எடுத்து, ஒவ்வொரு மாதமும் லீவ் பே சம்பளத்தோடு வந்திருப்பதை விரல் வைத்துக் காட்டினார். நான் அதைச் செலவு செய்து முடித்திருந்தேன்.

நம் ஏ.பி.க்குச் சேர்த்து வைக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 1,664-இல் 168 மாதாமாதம் கைக்கு வராது. மாதம் புழங்கக் கிடைப்பது 1,496 மட்டும்.

## காண்ட்ராக்ட் மாதங்கள்: 6±1 என்றால் என்ன?

காண்ட்ராக்டில் "6±1 மாதம்" என்று இருக்கும். ஆறு மாதம், ஒரு மாதம் முன்னே பின்னே. யாருடைய வசதிக்கு முன்னே பின்னே என்பதைப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் கம்பெனியின் விருப்பம். கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது போகும், மாற்றாள் எப்போது வருவார் என்பதைப் பொறுத்து ஐந்தாம் மாத முடிவுக்கும் ஏழாம் மாத முடிவுக்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். தங்கை கல்யாணத்தை ஆறு மாதம் முடியும் நாளில் வைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகுதான் நம்பி ஒரு தேதி குறிக்கலாம்.

இந்த நீட்டலுக்கும் மேல்வரம்பு உண்டு. எம்.எல்.சி.யின்படி ஒருவரை லீவு இல்லாமல் தொடர்ந்து 12 மாதம் கப்பலில் வைத்திருக்கக் கூடாது. ஆண்டு லீவை விட்டுக்கொடுக்கவும் கூடாது என்பதால் நடைமுறையில் அது 11 மாதம். "10±2" என்று எழுதிய காண்ட்ராக்ட் வந்தால், மேல்முனை 12-ஐத் தொடுகிறது என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

காண்ட்ராக்ட் மாதம் சம்பளத்தை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். நம் ஏ.பி. ஆறு மாதம் கப்பலில் இருந்து, நாலு மாதம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த கப்பல் ஏறுகிறார். ஆறு மாத வருமானம் 9,984 டாலர். அது பத்து மாதத்துக்கு ஓட வேண்டும். மாதத்துக்கு 998 டாலர் வருகிறது. வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான். 1,664-ஐ வைத்துத் தவணைக் கடன் எடுத்தால் மூன்றாம் மாத லீவில் கை காய்ந்துவிடும்.

சுருக்கமாக: சீ அலவன்ஸ் கப்பலோடு நிற்கும். லீவ் பே கப்பலில் சேர்ந்து வீட்டில் செலவாகும். இரண்டும் எத்தனை மாதம் ஓடும் என்பதைக் காண்ட்ராக்ட் நீளம் தீர்மானிக்கும்.

## மாதக் கணக்கைப் பிரிப்போம்

எம்.எல்.சி.யின்படி ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் சம்பளம் தர வேண்டும். ஒவ்வொரு மாதமும் வர வேண்டியது எவ்வளவு, தந்தது எவ்வளவு, வேறு நாணயத்தில் தந்திருந்தால் எந்த மாற்று விகிதம் என்று காட்டும் கணக்கையும் தர வேண்டும். இதைத்தான் வேஜ் அக்கவுண்ட் என்றும் சம்பளச் சீட்டு என்றும் சொல்கிறோம். கப்பலில் உள்ள எல்லாருடைய கணக்கையும் சேர்த்துக் கேப்டன் வைத்திருக்கும் பெரிய தாளுக்குப் போர்டேஜ் பில் என்று பெயர்.

நம் ஏ.பி. ஏப்ரல் 11-ஆம் தேதி சைன்-ஆன் ஆனார். 11 முதல் 30 வரை 20 நாள். அவருக்குச் சேர வேண்டியது மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,109.33 டாலர். அதில் லீவ் பே 112 உண்டியலுக்குப் போனது. மிச்சம் 997.33. வீட்டுக்கு அனுப்பச் சொன்னது 600, கப்பலில் வாங்கிய ரொக்கம் 50, ஸ்லாப் செஸ்ட் எனப்படும் கப்பல் கடையில் சோப்பும் சிம் கார்டும் வாங்கிய வகையில் 30. கழித்தால் ஏப்ரல் மீதி 317.33.

வீட்டுக்கு 600 மட்டும் வந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. மாதமே 20 நாள்தான். அனுப்பச் சொன்னதும் 600-தான்.

அடுத்து மே மாதச் சீட்டு:

- முன்மாத மீதி: 317.33
- பேசிக்: 720.00
- ஃபிக்ஸட் ஓ.டி.: 536.00
- கூடுதல் ஓ.டி., 8 மணி: 41.60
- சீ அலவன்ஸ்: 240.00
- அலாட்மெண்ட்: கழிவு 1,000.00
- கேஷ் அட்வான்ஸ்: கழிவு 100.00
- ஸ்லாப் செஸ்ட்: கழிவு 36.00
- இன்டர்நெட் கார்டு: கழிவு 20.00
- மீதி: 698.93
- சேர்ந்திருக்கும் லீவ் பே, 14 நாள்: 280.00

படிக்கும்போது மேலிருந்து கீழே போகாதீர்கள். முதல் வரியை எடுத்து, போன மாதச் சீட்டின் கடைசி வரியோடு ஒப்பிடுங்கள். 317.33 அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் இரண்டு டாலர் மாறியிருந்தாலும் விடாதீர்கள். நடுவில் யாரோ பழைய மாதத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அதை உங்களிடம் சொல்லவில்லை.

அப்புறம் வரவுப் பக்கம். கூடுதல் ஓ.டி. 8 மணி என்றால், அந்த மாதம் நீங்கள் 111 மணி ஓவர்டைம் செய்திருக்கிறீர்கள். ஓவர்டைம் பதிவைக் கேப்டன் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது மாலுமி அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது எம்.எல்.சி.யின் வழிகாட்டல். கையெழுத்திட்ட தாளில் இருக்கும் மணியும் சீட்டில் இருக்கும் மணியும் ஒன்றா என்று பாருங்கள். 8 தரம் 5.20 சரியாக 41.60.

சீ அலவன்ஸ் வரியில் ஒரு சங்கதி இருக்கிறது. மே மாதத்துக்கு 31 நாள். நாளுக்கு 8 என்றால் 248 வர வேண்டும். சீட்டில் 240. எல்லா மாதத்தையும் 30 நாளாக எடுத்துக்கொள்வோம் என்று காண்ட்ராக்டில் இருந்தால் 240 சரி. அப்படி இல்லாமல் "கப்பலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 8" என்று மட்டும் இருந்தால் 8 டாலர் குறைகிறது. சின்னத் தொகைதான். ஆனால் இதைக் கேட்டுப் பார்த்தால், கம்பெனி எந்த முறையில் கணக்குப் போடுகிறது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். பிப்ரவரியில் 28 நாள் கணக்கும் மே மாதத்தில் 30 நாள் கணக்கும் போட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முறை ஒன்றாக இருக்க வேண்டும்.

கழிவுப் பக்கத்தில் அலாட்மெண்ட் என்பது உங்கள் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்த தொகை. கழிவு என்ற தலைப்பில் இருந்தாலும் அது நஷ்டமில்லை, ஏற்கெனவே கொடுத்த சம்பளம். இங்கே செய்ய வேண்டிய வேலை வீட்டுக்கு ஒரு போன். எந்தத் தேதியில், எவ்வளவு சேர்ந்தது? சேர்ந்த தொகையைச் சீட்டில் உள்ள மாற்று விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். 1,000-க்குப் பதில் 970 வந்தால் 30 டாலர் வழியில் போயிருக்கிறது. இடைவங்கிக் கட்டணமாகவும் இருக்கலாம், கம்பெனி போட்ட மட்டமான விகிதமாகவும் இருக்கலாம். கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், விகிதம் சந்தை விகிதத்தையோ அதிகாரபூர்வமாக வெளியிட்ட விகிதத்தையோ ஒட்டி, மாலுமிக்குப் பாதகமில்லாமல் இருக்க வேண்டும் என்று எம்.எல்.சி. சொல்கிறது. அன்றைய விகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

கேஷ் அட்வான்ஸும் ஸ்லாப் செஸ்ட்டும் நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியவை. தேதியும் தொகையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தால் போதும். கழிவில் வரவே கூடாதவையும் உண்டு. சாப்பாட்டுக் காசு பிடிக்கக் கூடாது, கப்பலில் சாப்பாடு இலவசம். வேலை வாங்கிக் கொடுத்ததற்கான கட்டணத்தை மாலுமியிடம் பிடிக்கக் கூடாது. காண்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் டிக்கெட்டுக்கு முன்கூட்டியே பிடித்து வைக்கவும் கூடாது.

கடைசி இரண்டு வரிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 698.93 என்பது கேட்டால் தர வேண்டிய காசு. 280 உண்டியலில் இருப்பது: ஏப்ரலின் 112, மே மாதத்தின் 168. ஏப்ரல் 20 நாளுக்கு லீவு ஏழு இல்லை, 4.67 நாள். அதனால் மொத்தம் 11.67 நாள். ஆனால் நம் சீட்டில் "14 நாள்" என்று இருக்கிறது. டாலர் சரி, நாள் தப்பு. ஏப்ரலையும் முழு மாதமாக எடுத்துவிட்டார்கள். நமக்குச் சாதகமாக இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். இறங்கும்போது எந்த எண்ணை வைத்துத் தருவார்கள் என்ற தகராறு அங்கே தொடங்கும். இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

## எங்கே கெடும்?

மீதி ஏறிக்கொண்டே போவது எல்லா நேரமும் சேமிப்பு ஆகாது. சீட்டில் அலாட்மெண்ட் கழிந்திருக்கிறது, வீட்டுக்குக் காசு வரவில்லை என்றால் தாமதம் என்று முதல் மாதம் விடலாம். இரண்டாம் மாதமும் அப்படியே என்றால் அது வேறு விஷயம். குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் இருந்தால், எம்.எல்.சி. அதைக் கைவிடப்பட்ட நிலையின் ஒரு அடையாளமாகவே வைத்திருக்கிறது. 2017 ஜனவரி 18 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, இந்த நிலைக்காகக் கப்பல் உரிமையாளர் ஒரு நிதிக் காப்பு எடுத்து, அதன் சான்றிதழைக் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அது ஈடுகட்டுவது அதிகபட்சம் நாலு மாத நிலுவைச் சம்பளம். கம்பெனியிடம் ஐந்து, ஆறு மாதக் காசைச் சேர விடுகிறவர் அந்த வரம்பைத் தாண்டிப் போகிறார். அதனால்தான் மீதியை மாதாமாதம் வீட்டுக்கு எடுத்துவிடுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

இரட்டைக் கணக்கு என்பது இன்னொரு கேடு. அதிகாரிகள் பார்க்க ஒரு சீட்டு, நிஜமாகத் தருவதற்கு ஒரு சீட்டு. ஒரே மாதத்துக்கு இரண்டு தாளில் கையெழுத்துக் கேட்டால், அல்லது தொகை எழுதாத தாளில் கேட்டால், அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு தாளையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கணக்கு ஒத்துவராவிட்டால் முதலில் கேப்டனிடம் எழுத்தில் கொடுங்கள். எந்த மாதம், எந்த வரி, எவ்வளவு வித்தியாசம் என்று மூன்றே வரி போதும். கப்பலிலேயே புகார் கொடுக்கும் முறை ஒன்று இருக்க வேண்டும், புகார் கொடுத்ததற்காக ஒருவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதும் எம்.எல்.சி. விதி. அங்கே தீராவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கப்பலைச் சோதிக்க வரும் அதிகாரியிடம் போகலாம். அப்போது கையில் சீட்டுகள் இருந்தால்தான் பேச்சு நிற்கும்.

## இறங்கும் நாள்

நம் ஏ.பி. அக்டோபர் 10-இல் சைன்-ஆஃப் ஆகிறார். ஏப்ரல் 20 நாள், மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதம், அக்டோபர் 10 நாள். சரியாக ஆறு மாதம்.

கடைசிக் கணக்கில் மூன்று எண்ணை மட்டும் பாருங்கள். செப்டம்பர் சீட்டின் மீதி அப்படியே மேலே வந்திருக்கிறதா? அக்டோபரின் 10 நாளுக்கு, லீவ் பே நீங்கலாக, 498.67 சேர்ந்திருக்கிறதா? லீவ் பே 42 நாளுக்கு 1,008 டாலர் இருக்கிறதா? தேதிகள் சீமேன் புத்தகத்தில் அடித்திருக்கும் முத்திரையோடு ஒத்துப்போக வேண்டும். முத்திரை 10 என்று சொல்லி, கணக்கு 8-ஆம் தேதியோடு நின்றால் இரண்டு நாள் போச்சு.

கேங்வேயில் வண்டி நிற்கும், ஏஜென்ட் அவசரப்படுத்துவார், கையெழுத்துக்குத் தாள் நீட்டப்படும். தொகையில் சந்தேகம் இருந்தால் "இந்தக் கணக்கை ஏற்கவில்லை, லீவ் பே 168 குறைகிறது" என்று கையெழுத்துக்கு மேலே கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள். ஒரு நகலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.